அடிக்க வேண்டிய சொல்லும் விடக் கூடாத சொல்லும்

பயபக்தியுடையோர் யார் என்பதைத் திருமறையின் ஆல இம்ரான் அத்தியாயம் 134-ஆம் வசனத்தில் வல்ல இறைவன் எடுத்துரைக்கின்றான். வளத்திலும் வறுமையிலும் வழங்குவோரை முதலில் கூறி, அடுத்தபடியாகச் சினத்தை அடக்கிக்கொள்வோரைக் கூறுகின்றான். மனிதரை மன்னிப்போர் அதற்குப் பின்னரே வருகின்றனர். சினத்தை அடக்குவதும் மன்னித்து விடுவதும் ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணிவிடுகின்றோம். வசனம் அவற்றைத் தனித்தனியே நிறுத்தியிருக்கின்றது. அடக்குவோரைக் குறிக்க அங்கே வந்துள்ள அரபுச் சொல் 'காழிமீன்' என்பதாகும். நீர் நிரம்பிய தோற்பையின் வாயை இறுகக் கட்டுவதற்கு அரபு மக்கள் வழங்கிய வினையிலிருந்து பிறந்த சொல் அது. வாயைக் கட்டியவன் நீரைக் கீழே கொட்டிவிடவில்லை. நீர் உள்ளேதான் இருக்கின்றது. கட்டை அவிழ்க்கும் வேளையும், எந்தப் பாத்திரத்தில் ஊற்றுவது என்பதும் அவன் கையில் இருக்கின்றன.

சில காலத்துக்கு முன் ஒரு கடிதத்தின் நிமித்தம் இச்சொல்லை நான் மீண்டும் நினைக்க நேர்ந்தது. எங்கள் உறவில் ஓர் இளைஞர், மருமகன் முறை. இராஜபாளையத்தில் வேலை பார்க்கின்றார். அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற தென்னந்தோப்பு வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் இருக்கின்றது. மூத்தவர் ஊரிலேயே இருந்து அதனைப் பார்த்துவருகின்றார். தாயார் முன்னரே காலமாகிவிட்டார். அண்ணன், தம்பி, மணமாகிச் சென்ற ஒரு தங்கை என மூவரே வாரிசுகள். தோப்பு இன்னும் பிரிக்கப்படவில்லை. அண்ணன் யாரையும் கேளாமல் ஆறு மரங்களை வெட்டி விற்றுவிட்டார் என்று தேங்காய் வியாபாரி ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அன்றிரவே தம்பி உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிவிட்டார். மறுநாள் அஞ்சற் பெட்டியில் போடுவதற்கு முன்னர், முகவரியைச் சரிபார்க்கும் சாக்கில் என்னிடம் கொண்டுவந்தார்.

முகவரியில் பிழை இருக்கத்தான் செய்தது. புதுப்பட்டி என்று மட்டும் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குக் குறைவில்லை. முன்னால் நிற்கும் 'வ.' என்ற ஒற்றை எழுத்து, 'வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி' என்று அஞ்சல்காரருக்கு அடையாளம் சொல்வதாகும். அதை விட்டுவிட்டால் கடிதம் வேறெங்கோ சுற்றித் திரியும். "எழுத்து ஒன்றுதானே மாமா" என்றார். உறைக்குள் இருந்த கடிதத்தைப் படித்த பிறகு, எழுத்து ஒன்றின் சங்கதியை அவரோடு நெடுநேரம் பேச வேண்டியதாயிற்று.

அவர் எழுதியிருந்தது இது:

"அண்ணனுக்கு. அத்தா மவுத்தாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் தோப்பை உங்கள் சொத்தாகவே ஆக்கிக்கொண்டீர்கள். ஆறு மரத்தை வெட்டி விற்றீர்களாமே? கேட்க ஆளில்லை என்ற நினைப்போ? எப்போதுமே உங்களுக்கு இதே வழக்கம். தம்பி ஒருவன் இருப்பதாவது ஞாபகம் இருக்கிறதா? தங்கச்சி பங்கையும் சேர்த்து விழுங்கத்தான் திட்டமா? கணக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்துக்கொள்கிறேன்."

அன்று அதில் ஓர் எழுத்தையும் நாங்கள் திருத்தவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சினம் வந்தவர் நின்றுகொண்டிருந்தால் அமரட்டும், அப்போதும் தணியாவிடில் சாய்ந்து படுக்கட்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் கத்தாபீ, நிற்பவன் பாயவும் அடிக்கவும் ஆயத்தமாயிருக்கின்றான், அமர்ந்தவனுக்கு அது குறைவு, படுத்தவனுக்கு அதனினும் குறைவு என்று காரணம் காட்டுகின்றார். ஆக, நபிமொழி சினத்துக்குப் புத்தி சொல்ல முனையவில்லை. கைக்கும் செயலுக்கும் இடையே தொலைவை உண்டாக்குகின்றது. கடிதம் எழுதுகிறவனுக்கும் இது பொருந்தும். கையில் பேனா இருக்கும்போதே திருத்தத் தொடங்கினால், ஒரு சுடுசொல்லை அடித்துவிட்டு அதனிலும் கூரிய மற்றொன்றை அவ்விடத்தில் வைப்பான். நான் பலமுறை அப்படிச் செய்திருக்கின்றேன். திருத்தத் திருத்தக் கடிதம் கூர்மையாகின்றது என்றால் சினம் ஆறவில்லை என்பது பொருள். இன்னோர் அடையாளமும் உண்டு. எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது ஏதேனும் ஒரு வாக்கியம் நமக்கே இனிக்குமானால், 'நன்றாகக் கேட்டேன்' என்று மனம் மகிழுமானால், எதிராளியின் நெஞ்சில் தைக்கப் போவது அதே வாக்கியம்தான்.

எனவே காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒளூச் செய்து தொழுதுவிட்டுப் போகுமாறு அவரிடம் கூறினேன். எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டார். ஓர் இரவேனும் உறங்கி எழ வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இதற்கு மேல்வரம்பும் இருக்கின்றது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று இரவுகளுக்கு மேல் பேசாமல் முகம் திருப்பியிருப்பது ஆகுமானதன்று என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழி. ஆற வைக்கிறேன் என்று சொல்லிக் கடிதத்தை மாதக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைப்பவர் உண்மையில் சகோதரனைத்தான் பூட்டி வைக்கின்றார். அங்கே சினம் ஆறுவதில்லை. உறைந்து பகையாகி விடுகின்றது.

முன்னாட்களில் இந்த ஓர் இரவை அஞ்சல்துறையே நமக்கு வழங்கியது. கடைசித் தபால் எடுத்துப் போனபின் எழுதப்பட்ட கடிதம் விடியும்வரை வீட்டில் கிடந்தாக வேண்டும். இன்று கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்திக்கு அந்த இடைவெளி கிடையாது. அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் நீக்கலாம் என்பது மெய்யே. ஆயினும் நீக்கப்பட்டது என்ற அறிவிப்பு அங்கே நின்றுகொண்டிருக்கும். என்ன எழுதியிருந்தானோ என்று எண்ணி எதிராளி இரண்டு மடங்கு கற்பனை செய்துகொள்வான். அதனால் இப்படிப்பட்டவற்றை அனுப்பும் குறி பக்கத்திலேயே இருக்கின்ற இடத்தில் எழுதவே கூடாது. காகிதத்தில் எழுதலாம், கைப்பேசியில்தான் எழுதுவேன் என்பவர், பெறுநர் யாரும் இல்லாத குறிப்பேட்டில் எழுதட்டும்.

அபூபக்ரா (ரலி) அவர்கள், ஸிஜிஸ்தானில் காஜியாக இருந்த தம் மகனுக்கு அனுப்பிய கடிதம் ஒன்றைப் புகாரியில் காண்கின்றோம். சினத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்பளிக்க வேண்டாம் என்று மகனுக்கு எழுதி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு தடுத்ததைத் தாம் கேட்டதாகவும் அதில் குறிப்பிடுகின்றார்கள். காஜிக்காவது வழக்கு பிறருடையது. சினத்தில் கடிதம் எழுதுகிறவன் தன் வழக்கில் தானே வாதி, தானே சாட்சி, தானே நீதிபதி. மருமகனின் ஒன்பது வாக்கியங்களில் தீர்ப்பு எத்தனை, கேள்வி எத்தனை என்று மறுநாள் மாலை அவர் வந்தபோது எண்ணிப் பார்த்தோம். கேள்விக்குறி நான்கு இருந்தது. கேள்வி ஒன்றுகூட இல்லை.

தமிழில் சினம் பெரும்பாலும் பெயரிலும் வினையிலும் குடியிருப்பதில்லை. சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்ற ஏகாரம், ஓகாரம், 'கூட', 'ஆவது', 'தான்' ஆகிய சிறு இடைச்சொற்களில் ஒளிந்திருக்கின்றது. வசைச்சொல் ஏதும் எழுதவில்லையே என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்வோம். எதிராளியோ அந்த வாலில் அடிபட்டுக் கிடப்பான்.

'விற்றீர்களாமே' என்பதை முதலில் எடுத்துக்கொண்டோம். அதில் உள்ள 'ஆம்' நேர்மையானது. நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்கின்றது. அதன் பின்னால் வந்து ஒட்டிய 'ஏ' அந்த ஒப்புதலைத் தின்றுவிட்டுச் செய்தியைக் குற்றமாக்கி விடுகின்றது. ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரலாம் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் எச்சரிக்கின்றது. மருமகனுக்குச் செய்தி தந்தவர் பொய்யர் அல்லர். ஆனால் மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர், காசு கைமாறியதைப் பார்த்தாரா என்று கேட்டேன். தெரியாது என்றார். ஆகவே 'ஏ' போயிற்று. 'ஆம்' விரிந்து 'வெட்டியதாகவும் விற்றதாகவும் கேள்விப்பட்டேன்' என்றாயிற்று.

'நினைப்போ' என்பதில் உள்ள ஓகாரம் வேறு வகை. கேள்வியா, கேள்வி வேடமிட்ட ஏச்சா என்று அறிய ஒரு வழி உண்டு. எதிராளி அதற்கு என்ன மறுமொழி எழுத முடியும் என்று பார்க்க வேண்டும். 'கேட்க ஆளில்லை என்ற நினைப்போ?' என்பதற்கு 'ஆம்' என்றாலும் கேடு, 'இல்லை' என்றாலும் கேடு. விடை எழுத இடம் வைக்காதது கேள்வியன்று. அது முழுதும் அடிபட்டது. 'இருப்பதாவது ஞாபகம் இருக்கிறதா' என்பதும் அதனோடு போயிற்று.

'எப்போதுமே இதே வழக்கம்' என்ற இடத்தில் மருமகன் சற்றுப் பிடிவாதம் செய்தார். சரி, எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். யோசித்து, அத்தாவின் சைக்கிளை அண்ணன் தன்னைக் கேளாமல் யாருக்கோ கொடுத்துவிட்டதைச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஒரு சைக்கிள் 'எப்போதுமே' ஆகாது. 'வருடம்கூட', 'அதற்குள்', 'சொத்தாகவே' ஆகிய மூன்றும் மறுப்பின்றி வெளியேறின. தகப்பனார் காலமாகி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்ததைச் சொல்வது குத்துவதற்கு மட்டுமே.

விளிப்பைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேசினேன். கடிதத்தில் ஸலாம் இல்லை. ஒரு வாழ்த்து உரைக்கப்பட்டால் அதனினும் அழகியதையோ அதையேயோ திருப்பி உரையுங்கள் என்பது நிஸா அத்தியாயத்தின் 86-ஆம் வசனத்தின் கட்டளை. ஸலாம் எழுதாத கடிதம், எதிராளி ஸலாமோடு தொடங்கும் வாய்ப்பையும் பறித்துவிடுகின்றது. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் ரோமப் பேரரசர் ஹெர்குலிஸுக்கு எழுதிய கடிதத்திலேகூட அவருடைய சமூகத்தார் அவருக்கு அளித்த பெருமையைக் குறைக்காமல் 'ரோமரின் மகத்தானவர்' என்றே விளித்திருக்கின்றார்கள். சொல்ல வந்த செய்தியை அதற்காகச் சிறிதும் குறைக்கவில்லை. இதைக் கேட்ட மருமகன், அப்படியானால் 'நீங்கள்' என்பதையெல்லாம் 'தாங்கள்' என்று மாற்றிவிடுகிறேன் என்று ஆர்வத்தோடு பேனாவை எடுத்தார். தடுத்துவிட்டேன். பிறந்தது முதல் 'நீங்க' என்று அழைத்த அண்ணனைப் பூசலுக்குப் பிறகு 'தாங்கள்' என்று விளித்தால், அது மரியாதையாக விழாது. உறவை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசுவதாகவே விழும். வழக்கத்தைவிடக் குறைந்தாலும் சூடு, கூடினாலும் சூடு. எப்போதும் அழைப்பதைப் போலவே அழைப்பதுதான் தணிவு.

இன்னும் ஒன்றையும் அவருக்கு நினைவூட்டினேன். இக்கடிதத்தை அண்ணன் தனியாகப் படிக்கப் போவதில்லை. மதினி கேட்டு வாங்கிப் படிப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை உரக்கப் படித்துக்காட்டினாலும் காட்டும். 'விழுங்கத்தான் திட்டமா' என்ற வரியைத் தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிப்பதை அவரையே ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அவர் தலைகுனிந்தார். திருமறை பிறர் பொருளை அநியாயமாக எடுப்பதை 'உண்பது' என்று சொல்லத்தான் செய்கின்றது. அநாதைகளின் பொருளை உண்போர் தம் வயிற்றில் நெருப்பையே உண்கின்றனர் என்று கூறும் நிஸா அத்தியாயத்தின் 10-ஆம் வசனம் படிப்போரை நடுங்க வைக்கும். ஆனால் அச்சொல் குற்றம் உறுதியானவனைப் பற்றியது. இன்னும் கேட்கப்படாத ஒருவரைப் பற்றியதன்று.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அடித்த கோடுகள் நிறைந்த அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "விட்டுவிடலாம் மாமா. அண்ணன்தானே. ஆறு மரத்துக்காகக் கடிதம் எதற்கு?" என்று கிழிக்கப் போனார். சினம் ஆறிய பின் வருகின்ற நாணம் அது. பார்ப்பதற்கு அழகாயிருக்கும். நம் இல்லங்களில் எத்தனையோ நியாயங்கள் இவ்விதமே காணாமற்போயிருக்கின்றன.

கிழித்துவிடுவதற்கும் புகழ்பெற்ற முன்மாதிரி இருக்கின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலைத் தொடக்கத்தில் கெட்டிஸ்பர்க் களத்தில் வென்ற தளபதி மீட், தோற்றோடிய லீயின் படையை ஆற்றைக் கடக்க விட்டுவிட்டார். குடியரசுத் தலைவர் லிங்கன் ஜூலை 14-ஆம் நாள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெற்றிக்கு நன்றி கூறித் தொடங்கி, நடுவே மிகக் கடுமையாகச் சென்ற கடிதம் அது. முன்னால் சர்க்கரையைத் தூவியதால் சூடு குறையவில்லை. எழுதி முடித்து உறையிலிட்டவர் கையொப்பமிடவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அனுப்பவில்லை என்று உறையின்மீது எழுதி வைத்துவிட்டார். மீட் போர் முடியும்வரை அந்தப் படைக்குத் தலைவராகவே இருந்தார். லிங்கன் செய்தது சரி என்றே நான் கருதுகின்றேன். ஏனெனில் லீ ஆற்றைக் கடந்துவிட்டார். கடிதத்தால் திருப்பிக் கொண்டுவரக் கூடியது எதுவும் இல்லை. அதில் எஞ்சியிருந்தது லிங்கனுடைய மனவருத்தம் மட்டுமே. அதை அவர் தமக்குள் வைத்துக்கொண்டார்.

தோப்பின் கதை அப்படிப்பட்டதன்று. இரண்டு ஆண், ஒரு பெண் என்றால், ஆணுக்குப் பெண்ணின் பங்கைப்போல் இருமடங்கு என்ற நிஸா அத்தியாயத்தின் 11-ஆம் வசனப்படி சொத்து ஐந்து கூறாகும். அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு, தங்கைக்கு ஒன்று. மரம் விற்ற காசும், இரண்டு ஆண்டுத் தேங்காய் வருமானமும் செலவு போக அப்படித்தான் பிரிய வேண்டும். "உங்கள் இரண்டு கூற்றை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். அது உங்கள் பெருந்தன்மை. தங்கையின் ஒரு கூற்றை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்?" என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. கெட்ட சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் நிஸா 148-ஆம் வசனம்கூட அநீதிக்குள்ளானவரை அதிலிருந்து விலக்கித்தான் கூறுகின்றது. முறையிட அவருக்கு உரிமை இருக்கின்றது.

ஹுதைபிய்யாவில் நிகழ்ந்ததை அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, கி.பி. 628. மக்காவை நெருங்கி வந்து தடுக்கப்பட்ட ஸஹாபாக்களின் உள்ளம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். குறைஷியரின் தூதர் ஸுஹைல் உடன்படிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் மறித்தார். ரஹ்மான், ரஹீம் என்னும் திருநாமங்களை ஏற்க மாட்டோம், பழைய வழக்கப்படி 'இறைவா, உன் பெயரால்' என்று எழுதுக என்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். 'அல்லாஹ்வின் தூதர் முஹம்மது' என்பதை மறுத்து 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்று எழுதுக என்றார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அச்சொல்லை அழிக்க மனம் வரவில்லை. அது எங்கே இருக்கின்றது என்று காட்டச் சொல்லி, நாயகம் (ஸல்) அவர்களே தம் கரத்தால் அதை அழித்தார்கள். நீங்கள் மறுத்தாலும் நான் அல்லாஹ்வின் தூதரே என்பதையும் அவ்விடத்திலேயே கூறிவிட்டார்கள். உமர் (ரலி) அவர்களுக்கே அன்று பொறுக்க முடியவில்லை. நாம் சத்தியத்தில் இல்லையா, ஏன் இந்தத் தாழ்வு என்று கேட்டார்கள்.

அழிக்கப்பட்ட சொற்களால் உண்மையில் ஓர் அணுவும் குறையவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மக்காவுக்குள் வந்து மூன்று நாள் தங்கலாம் என்ற நிபந்தனை அந்த ஏட்டில் நின்றது. விரும்பிய கோத்திரத்தார் விரும்பிய தரப்போடு சேரலாம் என்பதும் நின்றது. பிற்பாடு குறைஷியர் அதை மீறியபோது, மீறல் என்று சுட்டிக்காட்ட எழுத்து இருந்தது. மக்கா வெற்றிக்குப் பின் அதே ஸுஹைல் இஸ்லாத்தைத் தழுவினார். எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நுட்பமான பாடத்தை நான் கண்டதில்லை. ஒப்புக்கொள்ளச் செய்யும் பொருட்டு விட்டுக்கொடுக்கக் கூடியவை விளிப்பும் முன்னுரையும். நிறைவேற வேண்டியது நிபந்தனை.

மருமகனின் கடிதத்தில் நிபந்தனை ஒன்றுதான் இருந்தது: 'கணக்கு வந்தாக வேண்டும்.' ஒன்பது வாக்கியங்களில் உயிருள்ளது அது. அதில் உள்ள சூட்டை எடுத்தோம், எலும்பை வைத்தோம். எந்தக் கணக்கு, எதிலிருந்து எதுவரை, எப்போதைக்குள் என்று சொல்லாத கோரிக்கை, கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் எரிச்சலையே தருமாதலால் அவற்றைச் சேர்த்தோம். கடைசியில் இருந்த பயமுறுத்தலைப் பற்றி ஒன்று கேட்டேன்: "எங்கே பார்ப்பதாக உத்தேசம்?" கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. அப்படியானால் இல்லாத ஒன்றைக் காட்டிப் பயமுறுத்துவது பொய். இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாம் என்பதே அவருடைய மெய்யான எண்ணம். அதையே எழுதினோம்.

முடிவில் கடிதம் இவ்வாறு அமைந்தது:

"அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மதினியும் பிள்ளைகளும் நலமா? தோப்பில் ஆறு மரங்கள் வெட்டியதாகவும் அவற்றை விற்றதாகவும் கேள்விப்பட்டேன். நான் நேரில் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். முன்கூட்டி எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது என் வருத்தம். அத்தா மவுத்தான நாளிலிருந்து இதுவரை தேங்காயில் வந்த வரவையும், தோப்புக்குச் செய்த செலவையும், மரம் விற்றிருந்தால் அந்தத் தொகையையும் எழுதி இந்த மாத முடிவுக்குள் அனுப்புங்கள். என் பங்கைப் பற்றி நாம் பேசிக்கொள்ளலாம். தங்கச்சியின் பங்கு அவளிடம் சேர்ந்துவிட வேண்டும். கணக்கில் நமக்குள் ஒத்துவராதது ஏதாவது இருந்தால் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிக்கொள்வோம். உங்கள் தம்பி."

'என் வருத்தம்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வருத்தம் இருக்கின்றதே! இருப்பதை இல்லையென எழுதும் கடிதமும் ஒருவகைப் பொய்தான். அண்ணன் அதை உடனே கண்டுகொள்வார். சினம் பிறரைப் பற்றிப் பேசும், வருத்தம் நம்மைப் பற்றிப் பேசும். பிந்தியதை எழுதுவதில் பழுதில்லை. கடிதத்தை ஒருமுறை நான் உரக்கப் படிக்க, அவர் அண்ணனின் இடத்திலிருந்து கேட்டார். நமக்குத் தெரிந்த ஏற்ற இறக்கத்தோடு நாமே படித்தால் எல்லாம் மென்மையாகத்தான் ஒலிக்கும். வேறொருவர் வாயால் கேட்டால்தான் மிஞ்சியிருக்கும் முள் தெரியும். 'நீங்கள்தான்' என்பதில் உள்ள 'தான்' சற்று உறுத்தியது. அதையும் எடுத்து 'நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்' என்று மாற்றினோம். பிறகு உறையின்மேல் 'வ. புதுப்பட்டி' என்று எழுதி, அஸருக்குப் பின் அவரே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்.

சில நாட்களில் மறுமொழி வந்தது. ஆறு மரங்கள் வெட்டப்பட்டது உண்மை. அவற்றில் நான்கைச் சிவப்புக் கூன்வண்டு குடைந்து குருத்தைச் சாய்த்துவிட்டதாம். அப்படிப்பட்ட மரத்தை நிற்கவிட்டால் பக்கத்து மரங்களுக்கும் பரவும்; வெட்டி எரிக்கத்தான் வேண்டும், எரித்துவிட்டார். கிணற்றோரம் நின்ற இரண்டைச் சட்டத்துக்காக விற்றது மெய்யே. அந்தக் காசு மோட்டார் பழுதுபார்ப்பதில் போயிற்று என்று எழுதியிருந்தார். இரண்டு ஆண்டு வரவு செலவை ஒரு நோட்டுத்தாளில் வரிசையாக இறக்கி, கடைசியில் ஐந்தாகப் பிரித்துத் தங்கையின் கூற்றைத் தனியே காட்டியிருந்தார். மோட்டார் செலவு சற்று அதிகமாகத் தெரிகின்றது என்று மருமகன் கருதுகின்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகின்றது. அதை நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த மறுமொழியில், ஸலாமுக்குப் பிறகு இரண்டாம் வரியில், ஏதோ ஒரு சொல் எழுத்தே தெரியாதபடி அழுத்தி அழுத்தி அடிக்கப்பட்டிருந்தது. மருமகன் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அது என்னவென்று பார்க்க முயன்றார். நான் கையைப் பிடித்துத் தாழ்த்தி, கணக்கைப் பார்க்கச் சொன்னேன்.